எத்தனை பேலட் என்று எழுதுவதற்கு முன்

கேள்வி: முதன்முறையாக ஒரு பெரிய கிடங்குக்குச் சரக்கு அனுப்புகிறோம். இறக்கும் ஸ்லாட்டை முன்பதிவு செய்ய அங்குள்ள லாஜிஸ்டிக்ஸ் பொறுப்பாளருக்கு என்ன எழுத வேண்டும்? வண்டி எண்ணும் வரும் நேரமும் போதாதா?

பதில்: அவ்விரண்டும் வாயிற்காவலருக்குப் போதும். ஸ்லாட் ஒதுக்குபவரோ, உங்கள் சரக்கு ஒரு டாக்கை, அதாவது வண்டி நின்று சரக்கு இறக்கும் மேடையை, எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்ளும் என்பதைக் கணக்கிட்டுத்தான் நேரம் தருகிறார். அந்தக் கணக்கு பெரும்பாலும் சரக்கை அடுக்கி வைக்கும் தட்டுகளான பேலட்டுகளின் எண்ணிக்கையைச் சார்ந்தது, பிழைகள் மிகுதியாக நேர்வதும் அதில்தான்.

உட்புற நீளம் 9.6 மீட்டர் உள்ள ஒரு மூடிய வண்டியை எடுத்துக்கொள்வோம். 1200 × 1000 மில்லிமீட்டர் பேலட்டுகளை இரண்டு வரிசையாக வைத்தால் தரையில் 18 நிற்கும். அவற்றில் 6 பேலட்டுகளின் மேல் இன்னொன்று அடுக்கப்பட்டிருந்தால் மொத்தம் 24. வண்டியை ஏற்றியவர் தரையில் நிற்பதை மட்டும் எண்ணி “18” என்று சொல்லிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. கிடங்கு 18-க்கு நேரம் ஒதுக்கும். கதவைத் திறந்தால் 24 இருக்கும், அடுக்கியவற்றைப் பிரித்து இறக்கக் கூடுதல் நேரம் ஆகும், அடுத்த வண்டி காத்து நிற்கும். சரக்குப் பட்டியலில் 24 என்று இருப்பதால் எண்ணிக்கை பொருந்தவில்லை என்று வண்டியை ஓரங்கட்டவும் கூடும். ஆகவே இரண்டு எண்களையும் எழுதுங்கள்:

“கொள்முதல் ஆணை எண் (...). மொத்தம் 24 பேலட், தரையில் 18, அவற்றில் 6-இன் மேல் இரண்டாம் அடுக்கு. அளவு 1200 × 1000, அதிகபட்ச அடுக்கு உயரம் 2.1 மீட்டர். உதிரிப் பெட்டிகள் இல்லை. மூடிய வண்டி, பின்கதவு வழியே இறக்க வேண்டும். வண்டி எண் (...), ஓட்டுநரின் பெயரும் கைபேசி எண்ணும் (...). காலை 10:00 மணிக்கு வாயிலை அடையும். 10:30 ஸ்லாட் வேண்டுகிறோம்.”

பின்கதவா பக்கக்கதவா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பக்கவாட்டில் மட்டுமே திறக்கும் வண்டியைப் பின்பக்கமாக நிறுத்தும் டாக்கில் இறக்க முடியாது. உதிரிப் பெட்டிகள் இருந்தால் அவற்றைக் கையால்தான் இறக்க வேண்டும் என்பதால், எண்ணிக்கையைத் தனியே தெரிவியுங்கள்.

நேரத்தில் வாயிலும் டாக்கும் வேறு வேறு. ஸ்லாட் 10:30 என்றால் அந்த நேரத்தில் வண்டி டாக்கில் நிற்க வேண்டும்; ஆவணச் சரிபார்ப்புக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பொறுப்பாளரிடமே கேட்டு, அதற்கேற்ப வாயிலை அடையும் நேரத்தைக் குறியுங்கள். தாமதமாகும் என்று தெரிந்த உடனேயே, “வந்துகொண்டிருக்கிறது” என்று சொல்லாமல், “11:15-க்குத்தான் வரும், வேறு ஸ்லாட் உண்டா?” என்று கேளுங்கள். அப்போதுதான் அவரால் காலியாகும் இடத்தை மற்றொரு வண்டிக்குக் கொடுத்து, உங்களுக்கும் ஓர் இடம் தேட முடியும்.

கடைசி நேரத்தில் வண்டி மாறினால் புதிய எண்ணை வண்டி புறப்படும் முன்பே அனுப்பிவிடுங்கள். பழைய எண்ணுக்குப் பதிவான ஸ்லாட்டைக் கொண்டு புது வண்டியை வாயிலில் உள்ளே விட மாட்டார்கள். உறுதிசெய்து அவர்கள் தரும் முன்பதிவு எண் ஓட்டுநரின் கையில் இருக்க வேண்டும், உங்கள் மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் பயனில்லை.