அம்மா எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்க முடியுமா? தான செட்டில்மெண்ட் கேள்வி பதில்

இருபத்தெட்டு வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். வக்கீல் இல்லை. பத்திர ஆபீஸ் வாசலிலும் வருவாய் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ. ஆபீஸ் வராண்டாவிலும் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரம்.

அம்மா 2021-ல் வீட்டை அண்ணன் பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 64. இப்போது அண்ணன் சாப்பாடுகூடப் போடுவதில்லை. ரத்துப் பத்திரம் போட்டால் போதுமா சார்?

போதாதும்மா. அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டு ரத்துப் பத்திரம் பதிவதெல்லாம் பழைய கதை. ஒருதலையான ரத்தை சப்-ரிஜிஸ்ட்ரார் ஏற்கக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-ல் சொல்லிவிட்டது. ரத்து செய்யும் உரிமை, சட்டம் ஒத்துக்கொள்ளும் விதத்தில், பத்திரத்திலேயே இருந்தால் அது வேறு விஷயம். அண்ணன் மனசு மாறி அம்மா பேருக்கே திரும்ப எழுதிக் கொடுத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. அவர் மாட்டேன் என்றால் போக வேண்டிய இடம் ஆர்.டி.ஓ., மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்து மனுவை விசாரிப்பவர் அவர்தான். முதலில் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்துக்கு முந்தின பாரா வரை படித்து, அதில் உள்ள வாசகத்தை அப்படியே இங்கே போடுங்கள்.

இதில் என்ன குழப்பம்? "எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்" என்று ஒரு ஷரத்து எழுதிவிட்டால் போதும். சொத்துரிமை மாற்றுச் சட்டம் 126-வது பிரிவிலேயே இருக்கிறது.

பிரிவு சரி, வாசித்தது பாதிதான் தம்பி. கொடுத்தவர் நினைத்தபோது ரத்து செய்யலாம் என்று எழுதினால் அந்தத் தானமே செல்லாமல் போகும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கொடுத்தவர் இஷ்டத்தைப் பொறுத்திராத ஏதோ ஒன்று நடந்தால் மட்டுமே ரத்து என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். "மகன் சோறு போடாவிட்டால்" என்பது அப்படி ஒன்று, மகன் கையில் இருக்கிறது. "எனக்குப் பிடிக்காவிட்டால்" என்பது ஆகாது. "பிடிக்காவிட்டால்" என்ற ஷரத்தோடு ஒருவர் என்னிடம் வந்தார். வீட்டின் பேரில் கடன் கேட்டபோது பேங்க் வக்கீல் அந்த ஒரு வரியைக் காட்டியே திருப்பி அனுப்பிவிட்டாராம்.

நான் மகளுக்கு வீடு எழுதி வைக்கப்போகிறேன். கீழ் போர்ஷனில் நாங்கள் இருப்போம். என்ன எழுத வேண்டும், எவ்வளவு செலவாகும்?

உங்கள் மாதிரி முன்கூட்டியே கேட்பவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நான் எழுதுகிற மாதிரி இது: "என் ஆயுள் உள்ளவரை கீழ்த்தளத்தில் நான் குடியிருந்துவரவும், எனக்கும் என் மனைவிக்கும் உணவு, உடை, மருத்துவம் ஆகியவற்றை நீ செய்துவரவும் கட்டுப்பட்டு இச்சொத்தை அடைந்துகொள்ள வேண்டியது. அதில் நீ தவறினால் இந்த செட்டில்மெண்ட்டை ரத்து செய்துகொள்ள எனக்கு உரிமை உண்டு." மகளும் இந்த ஷரத்தை ஏற்பதாக அதே பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும்.

குடியிருக்கும் உரிமையை வைத்துக்கொண்டால் தானம் செல்லாது என்று பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. சுவாதீனம் கொடுத்தவரிடமே ஆயுள்வரை இருந்தாலும் தானம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லிவிட்டது.

எழுத்தர்கள் கம்ப்யூட்டரில் ஒரு மாதிரி வைத்திருப்பார்கள். அதன் கடைசியில் "எக்காலத்திலும் எக்காரணம் கொண்டும் இதை ரத்து செய்ய எனக்கு உரிமை இல்லை" என்று தானாக வந்து நிற்கும். மேலே பராமரிப்பு ஷரத்து, கீழே இந்த வரி. இரண்டும் ஒரே பத்திரத்தில் இருந்தால் நாளைக்கு எதிராளி வக்கீலுக்கு விருந்து. அந்த வரியை எடுத்த பிறகுதான் கையெழுத்து.

செலவு: குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக்கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. வீட்டின் மதிப்பு 60 லட்சம் என்றால் அரசுக்கு 50,000. எழுத்தர் கூலி தனி.

"விற்கவே கூடாது" என்று சேர்க்கலாமா?

சேர்க்கலாம், பலிக்காது. விற்பதை முழுதாகத் தடுக்கும் ஷரத்தைச் சட்டம் ஏற்பதில்லை. தானம் நிற்கும், அந்த வரி மட்டும் விழும்.

எங்கள் பெரியப்பா உயில் எழுதியிருக்கிறார், அதை மாற்றலாமா என்றுதானே பேச்சு?

இல்லை ஐயா, உயில் வேறு. உயில் அவர் காலத்துக்குப் பிறகுதான் பேசும், உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இங்கே பேசுவது பதிவான அன்றைக்கே கை மாறிவிடும் பத்திரத்தைப் பற்றி.

சார், முதல் கேள்வி கேட்டவள்தான். பத்திரத்தில் "உன்பேரில் எனக்குள்ள அன்பினாலும், என்னை அந்திமக் காலம்வரை பராமரித்து வருவாய் என்ற நம்பிக்கையினாலும்" என்று இருக்கிறது. ரத்து பற்றி ஒன்றும் இல்லை.

அந்த "நம்பிக்கையினாலும்" தான் உங்களுக்குப் பிடிமானம். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவுப்படி, பராமரிக்க வேண்டும் என்ற ஷரத்தோடு கொடுத்து, வாங்கியவர் தவறினால், கொடுத்தவர் கேட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்கலாம். ஷரத்து இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்து வழக்கு ஒன்றில், முதியோருக்கு உதவும் விதமாகச் சட்டத்தைத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி வீட்டைத் தாயிடமே திரும்ப ஒப்படைத்தது. அங்கே மகன் தனியாக ஒரு உறுதிமொழிக் கடிதம் கொடுத்திருந்தான். பிறகு 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்து வழக்கில், அன்பு என்று எழுதியிருப்பதே மறைமுக ஷரத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் அம்மா பத்திரம் அதைவிடத் தெளிவு.

மனு அம்மா பெயரில், அம்மா கையெழுத்தோடு போக வேண்டும், உங்கள் பெயரில் வேண்டாம். ஆர்.டி.ஓ.விடம் சாதாரணத் தாளில் கொடுக்கலாம். பத்திர நகல், புது வில்லங்கச் சான்று, வயதுக்கு ஆதாரம், ஆஸ்பத்திரி பில், பேங்க் பாஸ்புக் இணையுங்கள். எந்த மாதத்திலிருந்து சாப்பாடு நின்றது, யார் கொண்டுவந்து தருகிறார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். அண்ணன், "மாதம் பணம் அனுப்புகிறேன்" என்று ரசீதோடு வருவார். பாஸ்புக் அதற்குத்தான். உத்தரவு வந்ததும் அதைப் பத்திர ஆபீஸில் கொடுத்து வில்லங்கத்தில் ஏற வைத்து, பட்டாவையும் மாற்றுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் கழித்து ஓடி வருபவர்கள் உண்டு.

வக்கீலாக ஒரு திருத்தம். அன்பு என்ற சொல்லே போதும் என்று நம்பிவிடாதீர்கள். எழுதாத ஷரத்தை ஏற்காத தீர்ப்புகளும் கையில் இருக்கின்றன. அண்ணன் இதற்குள் மூன்றாம் ஆளுக்கு விற்றிருந்தால்?

ஒத்துக்கொள்கிறேன் சார், அதனால்தான் வாசகத்தைப் போடச் சொன்னேன். விற்றிருந்தால் வாங்கியவருக்கு விவரம் தெரியுமா, விலை கொடுத்தாரா என்று பார்ப்பார்கள், அதை ஆர்.டி.ஓ. மேசையில் முடிக்க முடியாது, சிவில் கோர்ட்டுக்குப் போகும். அம்மா, நாளைக்கே வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

நான் அண்ணன் மகனுக்கு எழுதினேன். பெற்ற பிள்ளை இல்லை. அந்த 23-வது பிரிவு எனக்குப் பொருந்துமா?

எழுதிக் கொடுத்தபோது 60 வயது முடிந்திருந்தால் பொருந்தும். வாங்கியவர் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் முத்திரைத்தீர்வைச் சலுகைக்கு அண்ணன் மகன் குடும்பத்தில் சேரமாட்டான், அண்ணன் சேருவார். பத்திரத்தை 1 சதவீதத்தில் பதிந்திருந்தால் அது தனி வம்பு, அதற்கு முதலில் எழுதியவரைப் போய்ப் பாருங்கள்.