பிரெஞ்சில் பெயரை எழுத்துக்கூட்டும்போது எந்த எழுத்துகள் குழப்பும்?

"பிரெஞ்சுக்காரர் ஒருவர் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். நான் எழுதியது முழுவதும் தவறு. எங்கே பிழைத்தேன்?"

பிரெஞ்சிலும் 26 எழுத்துகளே உள்ளன என்றாலும், ஆங்கிலம் அறிந்தவர்களை G, J, E, I ஆகிய நான்கின் பெயர்களே பெரிதும் தடுமாற வைக்கின்றன. அங்கே G என்பது 'ஜே', J என்பது 'ஜி'. I என்பது 'ஈ'. E என்பதோ உதடுகளைக் குவித்துச் சொல்லும், 'அ'வுக்கு நெருங்கிய ஒலி. இந்த 'ஜ' நம்முடையதைப் போல அழுத்தமாக இராது. 'ஷ'வைக் குரல் அதிர ஒலிப்பது போல் இருக்கும்.

Gilles என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். சொல்பவர் 'ஜே, ஈ, தெ எல், அ, எஸ்' என்பார். ஆங்கிலப் பழக்கத்தில் கேட்பவர் முதலிரண்டையும் J, E என்று எழுதிவிடுவார். இடையில் வரும் 'தெ' எழுத்தன்று, இரண்டு என்னும் எண். அடுத்துள்ள எழுத்தை இருமுறை எழுத வேண்டும் என்பது பொருள்.

பெயரோடு எண்களையும் கேட்டு எழுதும்போது 2, 12 போன்றவை குழப்பலாம். 2 'தெ', 12 'தூஸ்'. 3 'த்ருவா', 13 'த்ரேஸ்'. 11 முதல் 16 வரை எல்லாமே வண்டின் ரீங்காரம் போன்ற அதிரும் 'ஸ்' ஒலியில் முடிவதால், முடிவைக் கவனித்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். 17, 18, 19 ஆகியவை 'பத்து-ஏழு' என்பது போன்ற கூட்டுச்சொற்கள். 20 'வேன்' என்று மூக்கொலியோடு முடியும்.