இரண்டு ஃபோனும் கார்டாக நின்றால் பணம் நகராது

> "ரெண்டு ஃபோனிலும் என்எஃப்சி ஆன். கடை மெஷினில் தட்டினால் பணம் போகுது, நண்பர் ஃபோனில் தட்டினால் ஒன்றுமே நடக்கலை."

கடையில் மெஷின்தான் ரீடர். உங்கள் ஃபோன் கார்டு வேஷம் போடுகிறது. கார்டு தானாகப் பேசாது, கேட்டால்தான் பதில் சொல்லும். இப்போது இரண்டு ஃபோனும் கார்டாக நிற்கின்றன, கேட்க ஆளில்லை.

பணம் வாங்குபவர் முதலில் ஆப்பில் 'பெறு' திரையைத் திறந்து தொகையைப் போட வேண்டும். அப்போதுதான் அவர் ஃபோன் ரீடராக மாறும். அப்புறம் நீங்கள் லாக் திறந்து ஒட்டி வையுங்கள். தட்டியதும் இரண்டிலும் வாலட் திரையே வந்தால், யாருமே ரீடராகவில்லை என்று அர்த்தம். 'பெறு' வசதியே இல்லாத ஆப் என்றால் எவ்வளவு தட்டினாலும் பயனில்லை.

ஆன்டெனா இருக்கும் இடமும் முக்கியம். ஐஃபோனில் மேல் விளிம்பு, பல ஆண்ட்ராய்டுகளில் முதுகின் நடுப்பகுதி. சில சென்டிமீட்டர் தள்ளினாலே தொடர்பு அறுந்துவிடும். உலோகக் கவர் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

புளூடூத் வழி அனுப்பும் ஆப் என்றால் அது பல மீட்டர் எட்டும், பக்கத்து ஆளின் ஃபோனும் பட்டியலில் வரலாம். திரையில் வரும் பெயரை நண்பரிடம் கேட்டு உறுதி செய்துவிட்டு அனுப்புங்கள்.