அப்பாவின் மூன்று ஏக்கர்: அக்காவுக்கு ஒரு விலை, தம்பிக்கு ஒரு விலை

கேள்வி: நாங்கள் பெங்களூரில் இருக்கிறோம். ஊரில் அப்பா விட்டுப்போன நிலத்தை விற்கலாமா வேண்டாமா என்று எனக்கும் அக்காவுக்கும் பேச்சு முடியவே மாட்டேன் என்கிறது. வருங்கால விவசாய வருமானத்தின் இன்றைய மதிப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அதை எப்படிப் போடுவது? ஒரு கதையாகச் சொன்னால் புரியும்.

பதில்:

கதையாகவே சொல்கிறேன். இதிலுள்ள விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள், வழி ஒன்றுதான்.

போச்சம்பள்ளி பக்கம் ஒரு கிராமத்தில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு. 200 நெட்டை மரங்கள், வயது சுமார் 30. ஏக்கருக்கு 25 லட்சம் தர ஒருவர் தயார். மொத்தம் 75 லட்சம், ஆளுக்கு 37.5 லட்சம். அக்கா அல்சூரில் தையல் கடை வைத்திருக்கிறார். தம்பிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, தலைக்கு மேல் வீட்டுக் கடன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் உட்கார்ந்ததும் தம்பி ஒரு கணக்கை நீட்டினான்.

"அக்கா, தோப்புல வருஷம் 1.45 லட்சம் வருது. 30 வருஷம்னா 43.5 லட்சம். இப்பவே 75 லட்சம் கையில வருது. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

இதில் இரண்டு தப்பு. அடுத்த வருடம் வரும் ரூபாயையும் முப்பதாவது வருடம் வரும் ரூபாயையும் ஒரே எடையில் கூட்டியது ஒன்று. முப்பது வருடம் கழித்தும் நிலம் அங்கேயே இருக்கும் என்பதை மறந்தது இன்னொன்று. ஆனால் இவற்றுக்கு முன்னால் அந்த 1.45 லட்சத்தையே பார்க்க வேண்டும்.

அக்கா உள்ளே போய் அப்பாவின் நீள நோட்டை எடுத்து வந்தார். ஒவ்வொரு வெட்டுக்கும் காய் எண்ணிக்கை, வியாபாரி கொடுத்த தொகை, மரம் ஏறியவர் கூலி, எரு, உழவு, மோட்டார் ரிப்பேர் என்று எல்லாம் அதில் இருந்தது. செலவு போக நின்றது கடைசி ஐந்து வருடங்களில் 1,45,000, 1,10,000, 40,000, 85,000, 1,20,000. அந்த 40,000 வருடத்துப் பக்கத்தில் "வெள்ளை ஈ, காய் சிறுத்தது" என்று எழுதியிருந்தார். தம்பி எடுத்தது ஐந்தில் சிறந்த வருடம். சராசரி 1,00,000, ஆளுக்கு 50,000. நல்ல வருடத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கடைசி எண் வரை எல்லாமே ஊதிப்போகும். குறைந்தது ஐந்து வருடச் சராசரி வேண்டும், அதில் ஒரு கெட்ட வருடமாவது இருக்க வேண்டும்.

இந்தச் சராசரியில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா இருந்தவரை தோப்பைப் பார்த்துக்கொண்டது அவர். அந்த வேலைக்குக் கூலி நோட்டில் ஏறியிருக்காது. இனி ஒரு ஆளை வைக்க வேண்டும் என்றால் அந்தச் சம்பளத்தைக் கழித்த பிறகே வருமானம். இந்தக் கதையில் அப்பா கடைசிக் காலத்தில் நடமாட முடியாமல் ஆள் வைத்திருந்ததால், அது ஏற்கெனவே செலவில் இருக்கிறது.

அடுத்தது வட்டி விகிதம். இன்றைய மதிப்பு என்பது இவ்வளவுதான்: பின்னால் வரப்போகும் தொகைக்குச் சமமாக இன்று எவ்வளவு பணம் கையில் இருந்தால் போதும்? அந்தப் பணம் உங்கள் கையில் என்ன சம்பாதிக்கும் என்பதைப் பொறுத்தது விடை. அக்கா பணம் கிடைத்தால் வங்கியில் டெபாசிட் போடுவார், 7 சதவீதம் என்று வைப்போம். புதிய வரி முறையில் அவருடைய வருமான அளவுக்கு அந்த வட்டிக்கும் வரி வராது. தம்பி வீட்டுக் கடனை அடைப்பான், அதன் வட்டி 8.5 சதவீதம். கடனை அடைப்பது என்றால் அந்த 8.5 சதவீதத்தைச் சம்பாதிப்பதுதான். ஆக இருவருக்கும் விகிதம் வேறு.

வரியும் வேறு. "விவசாய வருமானத்துக்கு வரி கிடையாதே" என்றான் தம்பி. நேரடியாகக் கிடையாது. ஆனால் விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால், விவசாய வருமானத்தையும் சேர்த்து வரி விகிதத்தைக் கணக்கிடுவார்கள். 30 சதவீத அடுக்கில் இருக்கும் தம்பிக்கு 50,000 ரூபாயைச் சேர்க்கும்போது வரி 15,000 ஏறும், அடிமட்ட 5 சதவீத அடுக்கின்படி 2,500 கழியும். நிகரமாக 12,500 கூடுதல் வரி, செஸ் தனி. அவன் கையில் நிற்பது 37,500. அக்காவின் கடை வருமானம் 4 லட்சம் வரம்புக்குள் இருப்பதால் அவருக்கு முழு 50,000 நிற்கும். மாதச் சம்பளக்காரர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது.

மூன்றாவது எண், வருமானம் வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்பது. டெபாசிட் வட்டிக்குள் விலைவாசி ஏற்றம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆகவே தேங்காய் வருமானத்தை 30 வருடமும் அதே 50,000 என்று வைத்தால் நிலத்துக்கு அநியாயம் செய்கிறோம். விலைவாசியை ஒட்டி 4 சதவீதம் ஏறும் என்று வைப்போம். நெட்டை மரம் 60 வயது வரை நன்றாகக் காய்க்கும், அதனால் 30 வருடம். எக்செலில் அக்காவுக்கு ஒரு சூத்திரம், தம்பிக்கு ஒரு சூத்திரம்:

```
=PV((1+0.07)/(1+0.04)-1, 30, -50000)/(1+0.04)
=PV((1+0.085)/(1+0.04)-1, 30, -37500)/(1+0.04)
```

அக்காவுக்கு வருவது சுமார் 9.6 லட்சம், தம்பிக்கு சுமார் 6 லட்சம். ஒரே தோப்பில் ஒரே அளவு பங்குதான்.

"அப்போ 37.5 லட்சத்துக்கு இது ரொம்பக் கம்மிதானே அக்கா?"

"தேங்காய்க்கு மட்டும்தானே இது. மண்ணு எங்க போச்சு?"

அக்கா கேட்டது சரியான கேள்வி. நம் ஊர்களில் விவசாய நிலத்தின் விலை விவசாய வருமானத்தின் இன்றைய மதிப்பைவிடப் பல மடங்கு இருக்கும். மீதி முழுக்க, நாளை மண் விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு. வருமானக் கணக்கோடு நிறுத்தினால் எந்த நிலத்தையும் "விற்றுவிடு" என்றே விடை வரும். அதனால் 30 வருடம் கழித்து நிலம் என்ன விலைக்குப் போகும் என்பதையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்கு ஊரில் விலை எப்படி ஏறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். இருபது வருடம் முன்னால் அப்பா இதில் ஒரு ஏக்கரை வாங்கியிருந்தார். கிரயப் பத்திரத்தில் 2 லட்சம். தம்பி அதை வைத்துப் போட்டபோது வருடத்துக்கு 13 சதவீதத்துக்கு மேல் வந்தது. அக்கா நோட்டைப் புரட்டினார். கொடுத்த தொகை 6 லட்சம். பத்திரத்தில் இருந்தது வழிகாட்டி மதிப்பை ஒட்டிய தொகை. 6 லட்சம் 25 லட்சமாக ஆகியிருக்கிறது என்றால் வருடம் 7.4 சதவீதம்தான். பத்திரத் தொகையை இன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டால் ஏற்றம் பொய்யாகப் பெரிதாகத் தெரியும்.

இனியும் 7.4 சதவீதம் ஏறினால் ஒருவர் பங்கு 37.5 லட்சத்திலிருந்து 30 வருடத்தில் சுமார் 319 லட்சம் ஆகும். அதை அக்காவின் 7 சதவீதத்தில் பின்னால் இழுத்தால் சுமார் 41.9 லட்சம், தேங்காயின் 9.6 லட்சத்தைச் சேர்த்தால் 51.5 லட்சம். தம்பியின் 8.5 சதவீதத்தில் 27.6 லட்சம், அதோடு 6 லட்சம், ஆக 33.6 லட்சம். ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் என்பதால் ஏக்கர் கணக்கில், அக்காவுக்கு 34.3 லட்சத்துக்குக் கீழே விற்பது நஷ்டம், தம்பிக்கு 22.4 லட்சத்துக்கு மேலே எது வந்தாலும் லாபம். வந்திருக்கும் விலை 25. இத்தனை நாள் இருவரும் ஏன் சண்டை போட்டார்கள் என்பது இங்கே தெரிகிறது. இருவர் சொன்னதும் அவரவர் நிலைமைக்குச் சரி.

இந்தக் கணக்கு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதையும் பார்த்தாக வேண்டும். மண் விலை 6 சதவீதம்தான் ஏறும் என்று வையுங்கள். அக்காவின் எல்லை விலை ஏக்கருக்கு 34.3 லட்சத்திலிருந்து 25.2 லட்சத்துக்கு இறங்கிவிடும், அதாவது வந்த விலைக்குப் பக்கத்திலேயே. தேங்காய் வருமானம் இருபது சதவீதம் குறைந்தாலும் ஏக்கருக்கு ஒன்றேகால் லட்சம்தான் மாறும். ஆக அக்கா யோசிக்க வேண்டியது தேங்காய் விலையை அல்ல, அந்தப் பக்கம் மண் விலை 6 சதவீதத்துக்கு மேல் ஏறுமா என்பதை. சாலை, தண்ணீர், அக்கம்பக்கத்தில் அண்மையில் உண்மையில் கைமாறிய விலை, இவற்றை விசாரித்தாலே அது தெரியும். ஆபத்துக்கு என்று வட்டி விகிதத்தை ஏற்றுகிறவர்களும் உண்டு. கெட்ட வருடத்தைச் சராசரியில் சேர்த்துவிட்டு அதே காரணத்துக்கு விகிதத்தையும் ஏற்றினால் ஒரே ஆபத்தை இரண்டு முறை கழித்ததாகிவிடும்.

விற்கும் தொகைக்கு வரி உண்டா என்பதையும் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். கிராமப்புற விவசாய நிலம் என்றால் மூலதன ஆதாய வரி வராது. அருகிலுள்ள நகராட்சி, பேரூராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். அந்த ஊரின் மக்கள்தொகை 10,000-க்கு மேல் 1 லட்சம் வரை என்றால் 2 கி.மீ., 10 லட்சம் வரை என்றால் 6 கி.மீ., அதற்கும் மேல் என்றால் 8 கி.மீ. தாண்டியிருக்க வேண்டும். இந்தத் தூரத்துக்குள் விழுந்தால் ஆதாயத்தில் 12.5 சதவீதம் போகும், எல்லை விலையும் அதற்கேற்ப மேலே ஏறும். இவர்கள் நிலம் வெளியே இருந்தது.

பாகம் பிரித்து தம்பி மட்டும் விற்பது என்று முடிவானது. இங்கே ஒரு சிக்கல். கிணறும் மும்முனை மின் இணைப்பும் ஒரு பாதியில்தான். தண்ணீர் இல்லாத பாதிக்கு அந்த 25 லட்சக்காரர் 20-க்கு இறங்கினார். தம்பியின் எல்லை 22.4, அதனால் அது நஷ்டம். பக்கத்துத் தோட்டக்காரருக்குச் சொந்தக் கிணறு உண்டு, அவருக்கு வேண்டியது ஒட்டினாற்போல நிலம். அவர் 23 சொன்னார்.

வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை இருவர் பெயருக்கும் மாற்றி, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்தார்கள். அக்காவின் பாதிக்கு வண்டிப் பாதை தம்பியின் நிலம் வழியாகத்தான் போகிறது என்பதால், 12 அடிப் பாதை உரிமையை அந்தப் பத்திரத்திலும் தம்பி எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரத்திலும் வரைபடத்தோடு சேர்த்தார்கள். மின் இணைப்பை அக்கா தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். தம்பிக்கு வந்த 34.5 லட்சம் அந்த மாதமே கடனில் கட்டப்பட்டது.