கடை திறக்காத நேரத்துக்கு ஒரு பை

கேள்வி: அண்ணனுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மண்டபம் பெண் ஊரில். காலை 6 முதல் 7.30 முகூர்த்தம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து அவசரத்துக்கு ஒரு பை தயார் பண்ணும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார்கள். எல்லாரும் மறக்கிற சின்னச் சின்னச் சாமான் என்னென்ன?

பதில்:

பையை நீங்கள் தயார் பண்ணுங்கள், ஆனால் அன்றைக்கு நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளையின் தங்கை என்றால் நாத்தனார் முடிச்சு போட வேண்டியது நீங்கள்தான். தாலி கட்டும் நேரத்தில் சரியாக யாராவது உங்களிடம் ஊக்கு கேட்பார்கள். பெண்ணின் அண்ணன் தம்பியும் வேண்டாம், பொரியிட மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். இரண்டு அம்மாக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மேடையில் வேலையே இல்லாத, ஆனால் எல்லாருக்கும் முகம் தெரிந்த ஒரு சித்தியோ அத்தையோ இரண்டு பக்கமும் இருப்பார்கள். அவர்களிடம் ஆளுக்கொரு பை. பை மணமகள் அறைக்குள் இருக்கவும் கூடாது. முகூர்த்த நேரத்தில் நகைக்குப் பயந்து அறையைப் பூட்டிவிடுவார்கள், சாவியை இடுப்பில் செருகிய மாமா ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆள் கூப்பிடப் போயிருப்பார்.

உள்ளே எதைப் போடுவது என்பதற்கு நான் இரண்டு கேள்விதான் கேட்டுக்கொள்வேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வெளியே இது கிடைக்குமா? இதைக் கொண்டுவருவது எந்த வீடு என்று இரண்டு பக்கமும் தெளிவாகத் தெரியுமா? பூ, பால், பழம், தேங்காய் எல்லாம் அந்த நேரத்தில் எப்படியாவது கிடைத்துவிடும். பேன்சி ஸ்டோர், தையல்கடை, வெள்ளிக்கடை திறக்க ஒன்பது பத்து ஆகும். அதனால் ஊசி நூலுக்கு உள்ள மரியாதை அன்றைக்குத் தேங்காய்க்குக் கிடையாது.

இரண்டாவது கேள்விக்குக் கூரைப்புடவையைவிட நல்ல உதாரணம் இல்லை. புடவை எடுப்பது பெரும்பாலும் மாப்பிள்ளை வீடு. ஜாக்கெட் தைப்பது பெண் வீடு, ஏனென்றால் அளவு அங்கேதான் இருக்கிறது. துணியை வெட்டிக்கொண்டு புடவை தட்டில் வைக்க மாப்பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போய்விடும். தைத்த ஜாக்கெட் தையல்காரர் கொடுத்த கவரிலேயே பெண் வீட்டு பீரோவில் இருக்கும். முகூர்த்தத்துக்கு நடுவில் புடவையைக் கொடுத்து, கட்டிக்கொண்டு வரச் சொன்ன பிறகுதான், ஜாக்கெட் புடவையோடு இருக்கிறது என்று இவர்களும், தைத்தவர்களிடம் இருக்கிறது என்று அவர்களும் நினைத்திருந்தது தெரியும். அதே நிறத்து உள்பாவாடையும் அப்படித்தான். பழைய பாவாடையில் நாடா உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால் கோத்து எடுக்க ஒரு பெரிய ஊக்கு வேண்டும். ஆகவே முந்தின நாள் சாயங்காலமே ஜாக்கெட், உள்பாவாடை, ஒரு உதிரி நாடா மூன்றையும் ஒரே துணிப்பையில் போட்டு, மணமகள் அறை ஆணியில் மாட்டிவிடச் சொல்லுங்கள்.

அந்த உடை மாற்றும் நேரம் கால் மணி, மிஞ்சினால் இருபது நிமிடம். வாத்தியார் வெளியே இருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் ஊசியில் நூல் கோக்க யாருக்கும் கை நிதானம் இருக்காது. எனவே முதல் நாளே சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என நாலு ஊசியில் நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, ஒரு அட்டையில் சுற்றி வையுங்கள். கூடவே நாலைந்து கொக்கி. கூர்முனையுள்ள சின்னக் கத்தரிக்கோல் கட்டாயம். ஜாக்கெட் இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம். பக்கவாட்டில் உள்ளே திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிசையாகத் தையல் ஓடியிருக்கும். இரண்டு பக்கமும் உடம்பை ஒட்டிய வரிசையை மட்டும் பிரித்தால் போதும், மூச்சு விட இடம் கிடைத்துவிடும். அடுத்த வரிசையைத் தொடாதீர்கள், அதுதான் இனி தாங்கப்போகும் தையல்.

ஊக்கு எல்லாரும் கொண்டுவருவார்கள், ஆனால் ஒரே அளவில். முந்தானை மடிப்புக்கு நடுத்தர அளவு, இடுப்புக் கொசுவத்துக்குப் பெரியது, மாலை சரியாமல் இருக்கச் சின்னது என்று மூன்றும் வேண்டும். பட்டில் ஊக்கைக் குத்தினால் அதன் சுருள் முனையில் நூல் மாட்டிக்கொண்டு இழுக்கும், புதுச் சரிகை கண்ணெதிரே பிரியும். ஊக்கில் முதலில் ஒரு பாசிமணியைக் கோத்துக்கொண்டு பிறகு குத்துங்கள். துணி சுருள்வரை போகாமல் மணி தடுத்துவிடும். ஒரு பொட்டலம் பாசிமணி பத்து இருபது ரூபாய்தான்.

அப்புறம் தாலி. தாலியும் மஞ்சள் சரடும் தட்டில் தனித்தனியாக வந்து, மேடையில் வைத்துக் கோக்கப் பார்ப்பதைப் பல கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். சரடு தடிமனாக இருக்கும், தாலியின் துளையோ சின்னது. நுனி பிரிந்துவிட்டால் உள்ளே போகவே போகாது. மெழுகுவர்த்தியில் நுனியைத் தேய்த்து இறுக்கி முறுக்கினால் ஊசிபோல நுழையும். அதனால் ஒரு துண்டு மெழுகுவர்த்தி, ஒரு உதிரிச் சரடு இரண்டும் பையில் இருக்கட்டும். உங்கள் வழக்கத்தில் இடமிருந்தால் முந்தின இரவே கோத்துவிடுங்கள். நீளத்தையும் பாருங்கள். கழுத்தில் மாலை, பின்னால் பூ வைத்த சடை எல்லாவற்றையும் சுற்றி வந்த பிறகு மூன்று முடிச்சுக்குச் சரடு மிஞ்ச வேண்டும். முடிச்சுப் போடப்போவது நீங்கள் என்பதால் இதை நீங்களே கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

மெட்டி இன்னொரு தகராறு. சில வீடுகளில் மாப்பிள்ளை வீடு வாங்கும், சில வீடுகளில் தாய்மாமன். கேட்காமல் விட்டால் இரண்டு ஜோடி வரும், அல்லது ஒன்றுமே வராது. கடையில் பகலில் போட்டுப் பார்த்தபோது சரியாக இருந்த மெட்டி, முதல் நாள் ரிசப்ஷனில் நான்கு மணி நேரம் நின்ற காலில் ஏறாது. அம்மியில் கால் வைத்தபடி பெண் நெளிய, அண்ணன் வியர்க்க, பின்னால் இருந்து இன்னும் அழுத்து என்று பத்துக் குரல் வரும். வாய் திறந்த, விரித்துக்கொள்ளக்கூடிய மெட்டியாக வாங்குங்கள். மூடிய வளையம்தான் வழக்கம் என்றால் சின்னக் குப்பியில் தேங்காய் எண்ணெய் வையுங்கள்.

பையில் கண்டிப்பாகப் போடச் சொல்வது சுண்ணாம்பு. ஆரத்தி கரைக்கும்போதுதான் ஞாபகம் வரும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால்தான் சிவக்கும், இல்லாவிட்டால் அது வெறும் மஞ்சள் தண்ணீர். வெற்றிலை பாக்கோடு இருக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள், வெற்றிலைக் கட்டில் அது வராது. தீப்பெட்டியும் இப்படித்தான். வீட்டில் எல்லாரும் கேஸ் லைட்டருக்கு மாறிவிட்டதால் அது யார் கைக்கும் வருவதில்லை. கிலோக் கணக்கில் நெய்யும் கற்பூரமும் இருக்க, சமையல்கட்டுக்கு ஒரு பையனை ஓடவிடுவார்கள். இரண்டு தீப்பெட்டி, ஈரம் படாமல் பிளாஸ்டிக் கவரில்.

மாப்பிள்ளை பக்கத்தில் சாமான் குறைவு, ஆனால் மறப்பது அங்கேதான் அதிகம். பட்டு வேட்டி முடிச்சில் நிற்காது. மனையில் உட்கார்ந்து எழுந்து, அக்கினி வலம் வரும்போது நழுவ ஆரம்பிக்கும். வேட்டி பெல்ட் ஒன்று வாங்கிவிடுங்கள், ஒட்டிக்கோ வேட்டி வாங்கியிருந்தாலும்கூட. புதுப் பனியன், உள்ளாடை, ஷேவிங் ரேசர் இவற்றை அவர் எடுத்து வைத்துவிட்டதாகச் சொல்வார். பெட்டியைத் திறந்து பாருங்கள். பூணூல் போடும் வழக்கமிருந்தால் உதிரியாக ஒன்று. ஹோமப் புகையில் கண் எரியும் என்பதால் இருவருக்கும் வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை வேண்டும். டிஷ்யூ பேப்பர் வியர்வையில் கரைந்து முகத்தில் ஒட்டிக்கொண்டு, போட்டோவில் பளிச்சென்று தெரியும். பெண் கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் லென்ஸ் டப்பாவும் மூக்குக்கண்ணாடியும் சித்தியின் கையில் இருக்கட்டும். லிப்ஸ்டிக் கலையாமல் பால் குடிக்க ஸ்ட்ரா. சானிட்டரி நாப்கின் சொல்லாமலே போட்டுவிடுங்கள், கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியிருக்காது.

பெரியவர்கள் மாத்திரை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். காலை மாத்திரையை லாட்ஜ் அறையிலேயே விட்டுவிட்டு மண்டபத்துக்கு வந்துவிடுவார்கள். இன்னொருவருடைய பிரஷர் மாத்திரையை வாங்கிப் போட விடாதீர்கள். முந்தின இரவே அவரவர் மாத்திரையை, பெயர் எழுதிய சின்னக் கவரில் வாங்கி வைத்தால் போதும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் வழக்கமான நேரத்துக்கு ஊசி போட்டுவிட்டு, தாலி கட்டிய பிறகு சாப்பிடலாம் என்று உட்கார்ந்துவிடுவார்கள். பந்தி எட்டு மணிக்குப் போகும், அதற்குள் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கை நடுங்கும். அவர்கள் சாப்பாடு தயாரான பிறகே போட்டுக்கொள்ளட்டும், அல்லது அவர்களுக்கு மட்டும் முன்னாலேயே இரண்டு இட்லி. பையில் குளுக்கோஸ் பாக்கெட்டும் பிஸ்கட்டும் இருக்கட்டும்.

சில்லறையை பேங்கில் முன்னாலேயே சொல்லி வைத்து வாங்குங்கள். பத்து ரூபாய்க் கட்டு ஒன்று, ஐம்பதும் நூறுமாகக் கொஞ்சம், ஒரு ரூபாய் நாணயம் ஒரு கைப்பிடி. ஆரத்தித் தட்டு, மேளக்காரர், கோலம் போட்டவர், வண்டி ஓட்டி வந்தவர் என்று ஒவ்வொருவராக வரும்போது வீட்டுப் பெரியவரிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டு மட்டும்தான் இருக்கும். மொய் எழுதும் மேசைக்கு இரண்டு பேனா தனியாக.

இரண்டு பையும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. ஊசி நூல், ஊக்கு, கத்தரிக்கோல், தீப்பெட்டி, சில்லறை மட்டும் இரண்டிலும் இருக்கட்டும். சரடும் வேட்டி பெல்ட்டும் உங்கள் பையில், சுண்ணாம்பும் எண்ணெயும் அவர்கள் பையில். பெண்ணின் அக்காவுக்கோ சித்திக்கோ ஒரு வாரம் முன்பே போன் பண்ணி, "மெட்டி யார், ஜாக்கெட் யார், ஆரத்தித் தட்டு யார்?" என்று மூன்றை மட்டும் கேட்டுவிடுங்கள். அண்ணி வீட்டில் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள், அவர்களும் உங்களிடம் இதையேதான் கேட்கக் காத்திருப்பார்கள்.

இன்னொன்று, கல்யாணப் பத்திரிகை இரண்டைப் பையின் அடியில் போட்டு வையுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும், 90 நாளுக்குள் செய்துவிட்டால் கூடுதல் கட்டணம் இல்லை. பதிவுக்குப் போகும்போது பத்திரிகை கேட்பார்கள், அதற்குள் வீட்டில் இருந்ததெல்லாம் ஊருக்குப் போயிருக்கும். மண்டப ரசீதும் சில இடங்களில் கேட்பதுண்டு. மண்டபத்துக் கணக்கை முடித்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே அதை வாங்கிப் பத்திரிகையோடு வைத்துக்கொள்ளுங்கள்.