பேரைக் கேட்பதும் பட்டையைப் பார்ப்பதும்: வார்டு அறிவிப்பு பற்றிய கேள்வி பதில்

எங்கள் வார்டுச் சுவரில் இப்படி ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது: "மருந்து, ஊசி, ரத்தம், பரிசோதனை, ஆபரேஷன் எதற்கும் முன்பு நோயாளியின் முழுப் பெயர், யூஹெச்ஐடி எண் இரண்டையும் சரிபார்ப்போம். படுக்கை எண் கணக்கில் வராது. கைப்பட்டையைக் கழற்றாதீர்கள்." இதைப் படித்துவிட்டுப் பலர் கேட்டவற்றுக்கு, இருபத்திரண்டு வருஷமாக வார்டில் வேலை பார்க்கும் நர்ஸாகப் பதில் சொல்கிறேன்.

"ரெண்டு அடையாளம்னு போட்டிருக்கு. அப்பாவோட ஆதார் மட்டும்தான் கையில இருக்கு. ரேஷன் கார்டு எடுக்க ஊருக்குப் போகணுமா?"

போக வேண்டாம் ஐயா. அட்மிஷன் போடும்போதே கார்டு வேலை முடிந்துவிட்டது. இங்கே கேட்பது, கட்டிலில் படுத்திருப்பவரும் சீட்டில் எழுதியிருப்பவரும் ஒரே ஆள்தானா என்று ஒத்துப் பார்க்க இரண்டு விவரங்கள். ஒன்று பெயர், அதை அப்பாவே வாயால் சொல்ல வேண்டும். இன்னொன்று யூஹெச்ஐடி, அதாவது நோயாளிக்கு ஆஸ்பத்திரி கொடுத்த எண். அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், கையில் கட்டிய பட்டையில் அச்சாகியிருக்கிறது. நாங்கள் அதைப் படித்து மருந்துச் சீட்டோடு ஒப்பிடுவோம்.

பல நாடுகளில் இரண்டாவது விவரமாகப் பிறந்த தேதியைக் கேட்பார்கள். நம் பெரியவர்கள் பலருக்கு அது தெரியாது. ஆதாரிலும் ஜனவரி 1 என்று போட்டிருக்கும். ஒரே வார்டில் மூன்று பேருக்கு ஜனவரி 1 என்றால் அதை வைத்து யாரைப் பிரிப்பது? அதனால்தான் எண்.

"அம்மாவுக்கு நாலு நாளா அதே சிஸ்டர்தான் மாத்திரை தர்றாங்க. ஒவ்வொரு தடவையும் 'உங்க பேர் என்னம்மா'ன்னு கேட்கிறாங்க. அம்மாவுக்குக் கோபம் வருது. முகம் தெரியாதா?"

தெரியும் தங்கச்சி. அம்மாவின் முகம் தெரியும், ஆனால் கையில் இருக்கும் மாத்திரை அம்மாவுடையதுதானா என்பதை முகம் சொல்லாது. ட்ராலியில் பத்துப் பதினைந்து பேருடைய மருந்து வரிசையாக இருக்கிறது. கேள்வி மாத்திரைக்காகத்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "நீங்க லட்சுமிதானே?" என்று கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாது. காது மந்தமானவர், அரைத்தூக்கத்தில் இருப்பவர், நர்ஸ் கேட்டால் ஆமாம் சொல்வதுதான் மரியாதை என்று நினைப்பவர், எல்லோரும் "ஆமாம்மா" என்பார்கள். "உங்க பேர் என்ன?" என்று கேட்டால் அவரே சொல்லியாக வேண்டும். யாராவது பெயரைத் தானே சொல்லிக் கேட்டால், அம்மாவை முழுப் பெயரை இனிஷியலோடு சொல்லச் சொல்லுங்கள்.

"நான் நர்சிங் ரெண்டாம் வருஷம். பேர் ஒண்ணு, பெட் நம்பர் ஒண்ணு, ரெண்டு ஆச்சே? எங்க வார்டுல அப்படித்தான் பார்க்கிறோம்."

இரண்டு வேண்டும் என்பது வரை சரி. ஆனால் பெட் நம்பர் கட்டிலின் விவரம், நோயாளி எழுந்து போனாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஆண்கள் வார்டு, இரண்டு செல்வராஜ். ஒருவர் எஸ். செல்வராஜ், சர்க்கரை நோயாளி, ஏழாம் கட்டில். இன்னொருவர் கே. செல்வராஜ், நிமோனியா, பதினொன்று. ஏழில் ஃபேன் ஓடவில்லை. வயசானவருக்குப் புழுங்குகிறதே என்று அட்டெண்டர்களே பேசிக்கொண்டு மத்தியானம் கட்டிலை மாற்றிக்கொண்டார்கள். ரிஜிஸ்டரில் யாரும் மாற்றவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் 14 யூனிட் ஏற்றிக்கொண்டு ஏழாம் கட்டிலுக்குப் போனேன். "செல்வராஜ்" என்றார். பேரும் சரி, பெட்டும் சரி. சட்டையைத் தூக்கி வயிற்றில் ஸ்பிரிட் பஞ்சும் வைத்துவிட்டேன். அப்போது கைப்பட்டை வெளிச்சத்தில் பட்டது, எண்ணின் கடைசி நான்கு இலக்கம் சீட்டோடு ஒத்துவரவில்லை. சர்க்கரையே இல்லாத, சரியாகச் சாப்பிடாமல் கிடந்த மனிதர் அவர். ஊசி ஏறியிருந்தால் விடிவதற்குள் சர்க்கரை அளவு விழுந்து நினைவு தப்பியிருக்கும். தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்போம்.

நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, ஓர் இனிஷியல்தான். அதனால் பெயர் மட்டும் போதவே போதாது. பெட் நம்பர் மருந்து கொண்டுபோகும் இடத்தைக் காட்டட்டும், ஆளைக் காட்ட விடாதீர்கள்.

"எங்க மாமனாருக்கு ஐவி மாத்தும்போது பட்டையை வெட்டிட்டாங்க. நான் பத்திரமா எடுத்துக் கட்டில் கம்பியில கட்டி வச்சேன். சிஸ்டர் திட்டினாங்க. என்ன தப்பு?"

நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். ஆனால் கம்பியில் கட்டிய பட்டை மறுபடியும் பெட் நம்பர் ஆகிவிட்டது. வெட்டியவர்தான் உடனே புதிதாக அச்சடித்து, பெயர் கேட்டு, அடுத்த கையிலோ காலிலோ கட்டியிருக்க வேண்டும். கை வீங்கி இறுக்கினாலும் அப்படித்தான், சொன்னால் மாற்றித் தருவோம். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும்.

"நான் லேப் டெக்னீஷியன். ரத்தம் ஏத்தும்போது ரெண்டு நர்ஸ் பார்த்தாலும், சாம்பிள் எடுக்கும்போதே ஆள் மாறியிருந்தா அதைப் பிடிக்க முடியாதே?"

முடியாது. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காக விரித்துச் சொல்கிறேன். ஒருவருக்கு ஓ குரூப், பக்கத்தில் இருப்பவருக்கு பி. இரண்டு பேரிடமும் ரத்தம் எடுத்து, குழாய்களை நர்சிங் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து லேபிள் ஒட்டும்போது மாறிவிடுகிறது. பிளட் பேங்க் சோதனையைச் சரியாகத்தான் செய்யும், ஓ குரூப்காரர் பெயரில் பி ரத்தப் பை வரும். கட்டிலருகே பெயர், எண், பை எண் எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தும். ஆள் சரி, ரத்தம் தவறு.

அதனால் லேபிள் ஒட்டும் இடம் கட்டிலருகேதான். பெயர் கேட்டு, பட்டை பார்த்து, ரத்தம் எடுத்து, அங்கேயே ஒட்டி, அப்புறம்தான் அடுத்தவரிடம் போக வேண்டும். முன்கூட்டியே லேபிள் ஒட்டிய காலிக் குழாயும் ஆபத்துதான். சில பிளட் பேங்குகள் புதிய நோயாளிக்கு வேறொரு நேரத்தில் எடுத்த இரண்டாவது சாம்பிள் கேட்கும். அலைச்சல் என்று சலித்துக்கொள்கிறோம், ஆனால் இந்தத் தவறு ஏற்றுவதற்கு முன் வெளிப்பட அது ஒரு நல்ல வழி.

அட்டெண்டர்களுக்கு: ரத்தம் ஏற ஆரம்பித்த முதல் கால் மணி நேரம் கூடவே இருங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, மூச்சுத் திணறல், "என்னமோ பண்ணுது" என்ற பயம், சிவந்த சிறுநீர், எது தெரிந்தாலும் கூப்பிடுங்கள். நாங்கள் உடனே ரத்தத்தை நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, பட்டையையும் பையையும் மறுபடி ஒத்துப் பார்ப்போம்.

"அப்பாவுக்கு மறதி நோய். எந்தப் பேர் சொன்னாலும் தன் பேர்ங்கிறார். நான் ராத்திரி இருக்க முடியாது. என்ன செய்யறது?"

பேச முடியாதவருக்குப் பட்டைதான் வாய். சேர்க்கும்போது நீங்கள் பெயர் சொல்லி, உங்கள் கண் முன்னால் கட்டச் சொல்லுங்கள். அதில் எழுத்துப் பிழை இருந்தால் அப்போதே திருத்துங்கள். ஆனால் மறதி உள்ளவர்கள் பட்டையைப் பிய்த்துப் போடுவார்கள். ராத்திரி மூன்று மணிக்குப் பட்டை இல்லாமல் இருந்தால், அவரைத் தெரிந்த நர்ஸ் இருவர் உறுதி செய்து புதிது கட்டலாம் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். குடும்பத்தாருக்கு ஃபோன் போட்டு, கேஸ் ஷீட்டில் உள்ள ஃபோட்டோவையும் பார்த்த பிறகுதான் மருந்து என்று நான் சொல்கிறேன். போன வாரக் கூட்டத்தில்கூட இதில் முடிவு வரவில்லை. உங்கள் ஃபோன் நம்பரைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டுப் போங்கள்.