20 அடி ஃப்ளெக்ஸுக்கு எத்தனை பிக்சல் போதும்?

கேள்வி: மண்டபத்துக்கு வெளியே ரோட்டைப் பார்த்து 20க்கு 10 அடி ஃப்ளெக்ஸ் வைக்கிறோம். 300 ரெசல்யூஷனில் ஆரம்பித்தால் கம்ப்யூட்டர் நகர மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கையில் வைத்துப் பார்க்கும் பத்திரிகைக்கான கணக்கு. 20 அடி என்றால் 240 அங்குலம். அதை 300ஆல் பெருக்கினால் அகலமே 72,000 பிக்சல். CMYK-யில் திறந்தால் 10 ஜிபியைத் தாண்டும். PSD ஃபைலோ ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல்தான் தாங்கும்.

பார்க்கிறவர் எத்தனை அடி தள்ளி நிற்பார் என்று பாருங்கள். 286ஐ அந்த அடியால் வகுத்தால், நல்ல கண் பிரித்துப் பார்க்கக்கூடிய ரெசல்யூஷன் கிடைக்கும். ரோட்டிலிருந்து 30 அடி என்றால் 10கூட வராது. ஒருவர் 10 அடி வரை கிட்டே வந்தாலும் 29தான். ஆகவே 36 வையுங்கள். 8,640க்கு 4,320 பிக்சல், திறந்த நிலையில் சுமார் 150 எம்பி. எந்தக் கம்ப்யூட்டரும் இதைத் தாங்கும். ஆனால் வாசலில் ஆட்கள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கும் பேனருக்கு இது போதாது. அதற்கு 72 முதல் 100 வரை வேண்டும்.

கேள்வி: பத்தில் ஒரு பங்கு அளவில் செய்தால் ஃபைல் சின்னதாகுமா?

பதில்: ஆகாது. 24க்கு 12 அங்குலத்தில் 360 வைத்தாலும் அதே 8,640 பிக்சல்தான். அப்படிக் கொடுத்தால் பத்து மடங்கு பெரிதாக்கச் சொல்லி பிரஸ்ஸில் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மாப்பிள்ளை போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தது. 8 அடி உயரத்துக்குப் போடலாமா?

பதில்: இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சாதாரணமாக அனுப்பிய போட்டோ நீளவாக்கில் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். 8 அடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 16, 17 பிக்சல். 30 அடி தூரத்துக்கு அது போதும் போலத் தெரியும். ஆனால் JPEG படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் அமுக்குகிறது. இந்த அளவில் ஒரு கட்டம் அரை அங்குலம் வரும். கன்னத்திலும் முடி ஓரத்திலும் சதுரம் சதுரமாக ரோட்டிலிருந்தே தெரிந்துவிடும். ரெசல்யூஷன் பெட்டியில் எண்ணை ஏற்றினாலும் அந்தச் சதுரங்கள் மறையாது. அதே போட்டோவை Document-ஆக அனுப்பச் சொல்லுங்கள்; போனில் எடுத்தபடியே முழுசாக வரும்.

கேள்வி: எங்கள் பிரஸ் மெஷின் 720 என்கிறார்கள். ஃபைலும் 720 வேண்டுமா?

பதில்: வேண்டாம். அது மெஷின் தெளிக்கும் மைப்புள்ளிகளின் கணக்கு. உங்கள் ஒரு பிக்சலின் நிறத்தைக் கொண்டுவர அது பல புள்ளிகளைப் போடும். ஃபைல் 36லேயே இருக்கட்டும். எழுத்தை மட்டும் பிக்சலாக்காமல் வெக்டராக வைத்து, PDF-ஆகக் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் மாப்பிள்ளையின் கண் இருக்கும் இடத்தை மட்டும் நிஜ அளவில் 2 அடிக்கு 2 அடி அடித்து வாங்கி, சுவரில் மாட்டி, 30 அடி தள்ளி நின்று பாருங்கள்.